‘டு’வுக்குப் பின் ‘இங்’: காரைக்குடி மாலை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் வெளிநாட்டு விருந்தினரைக் கவனித்துக்கொள்கிறவர்கள். மீதிப் பேர் கண்டாங்கிச் சேலை விற்கிறவர்கள், பழம்பொருள் கடைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள். இவர்கள் எழுதும் மெயில்களில் பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒரே பிழை விழுகிறது: ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’. ‘டு மீட்டிங் யூ’ என்று வர வேண்டிய இடம் அது. அதைச் சுற்றி எழுந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உரக்கப் படித்துப் பாருங்கள். இந்தப் பிழையைக் கண்ணைவிடக் காது சீக்கிரம் பிடித்துவிடும்.

“டு வந்தால் அதற்கு அடுத்து வினையின் முதல் வடிவம்தான் வர வேண்டும் என்று பள்ளியில் படித்தேன். டு மீட்டிங் என்று எப்படி வரும்?”

பள்ளியில் சொன்னது தவறில்லை. ஆனால் அது ஒரு ‘டு’வைப் பற்றி மட்டும் சொன்ன விதி. ஆங்கிலத்தில் ஒரே எழுத்தும் ஒரே ஒலியும் கொண்ட இரண்டு ‘டு’க்கள் இருக்கின்றன.

முதலாவது, வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்பது. ‘ஐ வாண்ட் டு மீட் யூ’ என்பதில் உள்ள ‘டு’வுக்குத் தனியாக ஒரு பொருள் கிடையாது. ‘மீட்’ என்ற வினை அங்கே காலமும் இடமும் காட்டாமல் எச்சமாக நிற்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். தமிழில் ‘சந்திக்க’ என்பதில் உள்ள ‘க்க’ போன்றது அது.

இரண்டாவது ‘டு’, நம் நான்காம் வேற்றுமை ‘கு’வுக்கு உறவு. ‘எ பஸ் டு தேவகோட்டை’ என்றால் தேவகோட்டைக்குப் போகிற பஸ். ‘எ லெட்டர் டு ஆச்சி’ என்றால் ஆச்சிக்கு எழுதிய கடிதம். இந்த ‘டு’ பெயரைத்தான் கேட்கும். அந்த இடத்தில் ஒரு வினையை வைத்தே ஆக வேண்டும் என்றால் அந்த வினையைப் பெயராக்க வேண்டும். ஆங்கிலத்தில் வினையைப் பெயராக்கும் விகுதி ‘இங்’. நம் ‘சந்தித்தல்’, ‘சந்திப்பது’ என்ற தொழிற்பெயர்கள் செய்யும் வேலையை அங்கே ‘மீட்டிங்’ செய்கிறது.

நம் மொழியிலும் இதே கட்டுப்பாடு இருக்கிறது. ‘சந்திக்க’ என்பதோடு ‘ஐ’ உருபையோ ‘கு’ உருபையோ யாரும் சேர்ப்பதில்லை. வினையெச்சம் வேற்றுமை உருபை ஏற்காது. ‘சந்திப்பதை’, ‘சந்திப்பதற்கு’ என்று முதலில் பெயராக்கி, அதன் பிறகுதான் உருபு சேர்க்கிறோம். ‘லுக் ஃபார்வர்ட் டு மீட்’ என்று எழுதுவது, ஆங்கிலக் காதுக்கு, எச்சத்தின் மேல் வேற்றுமை உருபை வைத்ததுபோல் கேட்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘வித்தவுட் ஆஸ்கிங்’, ‘ஆஃப்டர் ஈட்டிங்’, ‘இன்டரெஸ்டட் இன் பையிங்’ என்று எழுதுவதில் என் வகுப்பில் யாரும் தடுமாறுவதில்லை. ‘வித்தவுட் ஆஸ்க்’ என்று எழுதியவரை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. ‘வித்தவுட்’டுக்கும் ‘இன்’னுக்கும் இரட்டைப் பிறவி இல்லை, ‘டு’வுக்கு இருக்கிறது. குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

“அப்படியானால் எந்த இடத்தில் எந்த டு என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். எந்தப் பெயரும் தோன்றாவிட்டால் ‘இட்’ என்று வையுங்கள்.

‘லுக் ஃபார்வர்ட் டு இட்’ நிற்கிறது. ‘அப்ஜெக்ட் டு இட்’ நிற்கிறது. ‘ஐ ஆம் யூஸ்ட் டு இட்’ நிற்கிறது. ஆகவே இவற்றுக்குப் பின் வினை வந்தால் ‘இங்’ வேண்டும். ‘வாண்ட் டு இட்’, ‘ஹோப் டு இட்’, ‘டிசைட் டு இட்’, ‘ரெஃப்யூஸ் டு இட்’ என்றெல்லாம் சொல்லிப் பாருங்கள், வாய் ஏற்காது. அங்கே முதல் வடிவம்தான்.

‘கம்’, ‘கோ’ போன்ற அசைவு வினைகளில் மட்டும் ஏமாறாதீர்கள். ‘ஐ கேம் டு தி டெம்பிள்’ என்பதும் சரி, ‘ஐ கேம் டு சீ தி டெம்பிள்’ என்பதும் சரி. முதலாவது போன இடத்தைச் சொல்கிறது, இரண்டாவது வந்த நோக்கத்தைச் சொல்கிறது. பெயரை வைத்ததும் பொருளே வேறாகிவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. ‘லுக் ஃபார்வர்ட் டு தி விசிட்’, ‘லுக் ஃபார்வர்ட் டு விசிட்டிங்’ என்ற இரண்டிலும் எதிர்பார்க்கிற பொருள் ஒன்றாகவே இருக்கிறது பாருங்கள். சோதனை செல்வதற்கு அதுதான் அடையாளம்.

“தெரிந்த பிறகும் கை தானாக ‘டு மீட்’ என்றே எழுதுகிறது. ஏன்?”

இரண்டு காரணங்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் காரணம் நம் மனத்தில் ஓடுகிற தமிழ் வாக்கியம். ‘உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறோம். அதில் ‘சந்திக்க’ என்ற எச்சம் இருக்கிறது. அது நேராக ‘டு மீட்’ ஆகிவிடுகிறது. அதற்குப் பதிலாக ‘உங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்’ என்று நினைத்து எழுதச் சொல்கிறேன். அப்போது ‘சந்திப்பதை’ என்ற தொழிற்பெயர் ‘மீட்டிங்’கை இழுத்து வருகிறது. ‘பணம் கட்ட மறுக்கிறார்’ என்றால் ‘ரெஃப்யூசஸ் டு பே’. ‘பணம் கட்டுவதற்கு ஆட்சேபம் தெரிவிக்கிறார்’ என்றால் ‘அப்ஜெக்ட்ஸ் டு பேயிங்’. இந்த இணையில் தமிழே வழி காட்டிவிடுகிறது.

ஆனால் தமிழை மட்டும் நம்பினால் சில இடங்களில் கால் வழுக்கும். ‘கோவிலைப் பார்ப்பதற்கு வந்தேன்’ என்பதில் ‘வதற்கு’ இருந்தாலும் ஆங்கிலத்தில் ‘கேம் டு சீ’தான். நோக்கத்தைச் சொல்ல நாம் ‘பார்க்க’, ‘பார்ப்பதற்கு’ என்ற இரண்டையுமே வைத்துக்கொள்கிறோம். அதனால்தான் ‘இட்’ வைத்துப் பார்ப்பதை முதல் சோதனையாகவும் தமிழை இரண்டாவது துணையாகவும் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது காரணம் ‘லுக்கிங்’ என்ற சொல். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்’ என்று எழுதியதும் ‘இங் ஒரு தடவை வந்துவிட்டது, இன்னொன்று எதற்கு?’ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த முதல் ‘இங்’ ‘எதிர்நோக்கிக்கொண்டிருக்கிறேன்’ என்பதில் உள்ள நடப்பைக் காட்டுவது. பின்னால் வரும் ‘இங்’ சந்திப்பதைப் பெயராக்குவது. இரண்டுக்கும் வேலை வேறு. ‘ஐ லுக் ஃபார்வர்ட்’ என்று எழுதினாலும், ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்’ என்று எழுதினாலும் பின்னால் ‘டு மீட்டிங்’தான். ‘ஐ லுக் ஃபார்வர்ட்’ சற்று முறையான கடிதத்துக்குப் பொருந்தும். ‘லுக்கிங்’ பழகியவர்களுக்கு எழுதும்போது நெருக்கமாக இருக்கும்.

கணினி சிவப்புக் கோடு போடவில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். ‘மீட்’ என்ற சொல்லில் எழுத்துப் பிழை இல்லை. எழுத்தை மட்டும் பார்க்கிற சோதிப்பான் அதைக் கடந்து போய்விடும்.

“லுக்கிங் ஃபார்வர்ட் யுவர் ரிப்ளை, லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை: இரண்டில் எது சரி?”

இரண்டுமே தவறு. ‘டு யுவர் ரிப்ளை’தான். ‘பதிலுக்காக’ என்று நினைப்பதால் ‘ஃபார்’ வந்துவிடுகிறது. ‘ரிப்ளை’ ஏற்கெனவே பெயராக நிற்பதால் அதற்கு ‘இங்’ வேண்டாம். வினையாகச் சொல்ல விரும்பினால் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’.

“விருந்தினர் ஒருவர் ‘வீ அப்ஜெக்ட் டு பேயிங்’ என்று எழுதியிருக்கிறார். அப்ஜெக்ட் என்றால் பொருள்தானே?”

பெயராக வரும்போது பொருள், வினையாக வரும்போது ஆட்சேபித்தல். ஒலியிலும் வேறுபாடு உண்டு. பொருள் என்று சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில் விழும்: ஆப்ஜெக்ட். ஆட்சேபம் என்று சொல்லும்போது இரண்டாவது அசையில் விழும்: அப்ஜெக்ட். அவர் எழுதியது, ஓட்டுநரின் சாப்பாட்டுக்குத் தனியாகப் பணம் கட்டுவதில் தங்களுக்கு உடன்பாடு இல்லை என்பது.

இந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘எங்களுக்கு அது பிடிக்கவில்லை’ என்பதைவிட ‘அது முறையல்ல என்று எதிர்க்கிறோம்’ என்பதற்குத்தான் ‘அப்ஜெக்ட்’ நெருக்கம். ஆகவே பதில் எழுதும்போது நீங்களும் ‘வீ அப்ஜெக்ட்’ என்று தொடங்கினால் சண்டைக்கு நிற்பதுபோல் ஆகிவிடும். மறுக்க வேண்டியிருந்தால் ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ கெனாட்’ என்று தொடங்குங்கள்.

இதோடு சேர்ந்த இரண்டு அமைப்புகள் நம் ஊர்க் கடிதங்களில் அடிக்கடி தேவைப்படுகின்றன. ஒன்று, செயலைச் செய்கிறவர் வேறொருவராக இருக்கும்போது. விருந்தினர் அறைக்குள் சமைப்பதை ஆச்சி விரும்பவில்லை என்று சொல்ல வேண்டும் என்றால், ‘ஆச்சி அப்ஜெக்ட்ஸ் டு கெஸ்ட்ஸ் குக்கிங் இன் தி ரூம்ஸ்’. செய்கிறவர் ‘டு’வுக்கும் ‘இங்’குக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறார். ‘நீங்கள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் முறையான எழுத்தில் ‘யுவர் குக்கிங்’ என்றும், சாதாரணமாக ‘யூ குக்கிங்’ என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஏற்கப்பட்டவை. ‘டு யூ குக்’ மட்டும் ஒருபோதும் வராது.

மற்றொன்று, செயலை நாம் செய்யாமல் நமக்கு அது செய்யப்படும்போது. இரண்டு தடவை பணம் வாங்கிவிட்டார்கள் என்று புகார் சொல்கிறவர் ‘ஐ அப்ஜெக்ட் டு பீயிங் சார்ஜ்டு ட்வைஸ்’ என்று எழுத வேண்டும். ‘டு பீ சார்ஜ்டு’ என்று எழுதினால் பழைய பிழைதான். ‘பீ’ என்பதும் ஒரு வினைதான், அதற்கும் ‘இங்’ சேர வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். என் இளமையில் ஒரு நிறுவனத்துக்கு இப்படிப்பட்ட புகார்க் கடிதம் எழுதி, ‘டு பீ’ என்றே முடித்து அனுப்பியிருக்கிறேன். பணம் திரும்பி வந்தது. கடிதத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது அதை எடுத்துக் காட்டுகிறேன்.

“யூஸ்ட் டு பற்றி எத்தனை முறை படித்தாலும் குழம்புகிறது. ‘யூஸ்ட் டு லிவ்’ சரியா, ‘யூஸ்ட் டு லிவிங்’ சரியா?”

இரண்டும் சரி, பொருள்தான் வேறு. மூன்றாவதாக இன்னொன்றும் இருக்கிறது. இந்த இடத்தில் நிதானமாக நடக்க வேண்டும், ஏனென்றால் இங்கே பிழை செய்தால் வாக்கியம் தவறாவதோடு நிற்பதில்லை. நீங்கள் நினைக்காத ஒன்றைச் சொல்லிவிடும்.

‘மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு லிவ் இன் பர்மா’ என்றால், தாத்தா முன்பு பர்மாவில் வாழ்ந்தார், இப்போது அப்படி இல்லை. இங்கே ‘யூஸ்ட்’டுக்கு முன்னால் ‘இஸ்’, ‘வாஸ்’ எதுவும் கிடையாது. முன்பு வழக்கமாக இருந்து, இப்போது ஓய்ந்துபோனதைச் சொல்வது இது. இதில் உள்ளது முதல் வகை ‘டு’.

‘மை கிராண்ட்ஃபாதர் வாஸ் யூஸ்ட் டு லிவிங் அலோன்’ என்றால், தாத்தாவுக்குத் தனியாக இருந்து பழகிப்போயிருந்தது. இங்கே ‘வாஸ்’ இருக்கிறது. ‘யூஸ்ட்’ என்பது ‘பழகிய’ என்ற பெயரடையாக நிற்கிறது. ‘ஹி வாஸ் யூஸ்ட் டு இட்’ என்று சொல்ல முடிகிறது. ஆகவே இரண்டாம் வகை ‘டு’, பின்னால் ‘இங்’. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுக் கடல் கடந்து வட்டிக்கடை நடத்திய அந்தத் தலைமுறையைப் பற்றி விருந்தினரிடம் பேசும்போது இந்த இரண்டு வாக்கியங்களுமே உங்களுக்குத் தேவைப்படும். இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

‘திஸ் பாட் இஸ் யூஸ்ட் டு மேக் பணியாரம்’ என்றால், இந்தக் கல் பணியாரம் சுடுவதற்குப் பயன்படுத்தப்படுகிறது. இது ‘யூஸ்’ என்ற வினையின் செயப்பாட்டு வடிவம். ‘டு மேக்’ நோக்கத்தைச் சொல்கிறது. ஒலியிலும் பிரித்தறியலாம்: பழக்கத்தைச் சொல்லும் முதலிரண்டிலும் நடுவில் ‘ஸ’ ஒலி கேட்கும், பயன்பாட்டைச் சொல்லும் இந்த மூன்றாவதில் அந்த இடத்தில் அதிர்கிற ஒலி, தேனீயின் ரீங்காரம்போல, கேட்கும்.

இப்போது, சமையல்காரர் காரம் குறைவாகச் சமைத்துப் பழகியவர் என்று சொல்ல நினைத்து ‘அவர் குக் இஸ் யூஸ்ட் டு மேக் மைல்ட் ஃபுட்’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகிறது? பணியாரக் கல்லைப்போலச் சமையல்காரரும் ஒரு கருவியாகிவிடுகிறார். ‘காரம் குறைந்த உணவு செய்ய எங்கள் சமையல்காரர் பயன்படுத்தப்படுகிறார்’ என்பதுதான் அதன் நேர்ப்பொருள். ‘யூஸ்ட் டு மேக்கிங்’ என்று ஓர் ‘இங்’ சேர்த்தால் அவர் மறுபடியும் மனிதராகிவிடுகிறார்.

பழகிக்கொண்டிருக்கிற நிலையைச் சொல்ல ‘கெட்’ வரும். ‘யூ வில் கெட் யூஸ்ட் டு ஈட்டிங் ஆன் எ பனானா லீஃப்’: வாழை இலையில் சாப்பிட்டு உங்களுக்குப் பழகிவிடும். ‘அக்கஸ்டம்டு டு’ இதே பொருளில் கொஞ்சம் கம்பீரமான சொல், அதற்கும் ‘இங்’.

“நான் எழுதிய ஒரு மெயிலை முழுவதுமாகத் திருத்திக் காட்ட முடியுமா?”

கானாடுகாத்தானில் ஒரு வீட்டைக் கவனித்துக்கொள்ளும் தம்பி கேட்டது இது. அவர் எழுதியிருந்ததை, அவர் அனுமதியோடு, வரி வரியாகப் பார்க்கிறேன்.

‘வீ ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு வெல்கமிங் யூ அண்ட் ஷோ யூ தி ஹவுஸ்’ என்பது முதல் வரி. ‘வெல்கமிங்’ சரியாக வந்துவிட்டது. ‘அண்ட்’ தாண்டியதும் பிடி விட்டுப்போயிற்று. ‘டு’வின் ஆட்சி ‘அண்ட்’டோடு முடிவதில்லை. வரவேற்பதையும் வீட்டைச் சுற்றிக்காட்டுவதையும் சேர்த்தே எதிர்நோக்குகிறார். ஆகவே ‘வெல்கமிங் யூ அண்ட் ஷோயிங் யூ தி ஹவுஸ்’. விதி தெரிந்தவர்களிடமும் மிச்சமிருக்கிற பிழை இதுதான். வாக்கியம் நீண்டால் திரும்பிப் போய் ஒவ்வொரு வினையையும் ‘டு’வோடு தனித்தனியாகச் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது வரி சமையல்காரரைப் பற்றியது; அதை மேலே பார்த்துவிட்டோம்.

மூன்றாவது: ‘வீ டூ நாட் அப்ஜெக்ட் டு யூ டேக் போட்டோஸ் இன் தி கோர்ட்யார்ட்’. முற்றத்தில் படம் எடுக்கலாம் என்கிறார். ‘டு யூ டேக்கிங்’ என்றோ ‘டு யுவர் டேக்கிங்’ என்றோ வர வேண்டும். ஆனால் நான் திருத்தும்போது இந்த வரியையே மாற்றிவிட்டேன். படம் எடுக்க வரவேற்கிற இடத்தில் ஆட்சேபம் என்ற சொல்லே எதற்கு? ‘யூ ஆர் வெல்கம் டு டேக் போட்டோஸ்’ என்று எழுதினேன். இங்கே ‘டேக்’தான், ‘டேக்கிங்’ இல்லை. ‘வெல்கம் டு அவர் ஹோம்’ என்று பெயரோடு வரும் ‘டு’ இடத்தைக் காட்டுவது. ‘எடுக்கலாம்’ என்று இசைவு சொல்லும் இந்த ‘டு’ முதல் வகை. மறுபடியும், பெயரை வைத்ததும் பொருள் மாறிப்போகிறது பாருங்கள்.

நான்காவது: ‘வீ அக்ரீ டு கீப்பிங் தி ரூம் டில் ஃபோர்’. மாலை 4 மணி வரை அறையை வைத்திருக்கச் சம்மதம் என்கிறார். இங்கே ‘இங்’ அதிகமாகிவிட்டது. ‘அக்ரீ டு கீப்’ என்றுதான் வழக்கம். இதைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கடைசி வரி ‘ப்ளீஸ் ரிமெம்பர் டு பிரிங் யுவர் பாஸ்போர்ட்’. அது சரி, கை வைக்கக் கூடாது. அவர் அதையும் ‘பிரிங்கிங்’ என்று மாற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம். மறக்காமல் கொண்டுவாருங்கள் என்பதற்கு ‘ரிமெம்பர் டு பிரிங்’. ‘டு’ இல்லாமல் ‘ரிமெம்பர் பிரிங்கிங்’ என்றால் கொண்டுவந்தது நினைவிருக்கிறது என்று பழையதைச் சொல்வதாகிவிடும்.

“அக்ரீ டு இட் என்று சொல்ல முடிகிறதே. சோதனைப்படி ‘அக்ரீ டு கீப்பிங்’தானே வர வேண்டும்?”

நியாயமான கேள்வி. சோதனை இங்கே தோற்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. ‘அக்ரீ’, ‘கன்சென்ட்’, ‘என்டைட்டில்டு’ ஆகிய மூன்றும் இரண்டு ‘டு’க்களோடும் உறவு வைத்திருக்கின்றன. பின்னால் பெயர் வந்தால் இரண்டாம் வகை: ‘அக்ரீ டு தி ப்ரைஸ்’, ‘கன்சென்ட் டு தி மேரேஜ்’, ‘என்டைட்டில்டு டு எ ரீஃபண்ட்’. பின்னால் வினை வந்தால் முதல் வகைக்குத் தாவிவிடுகின்றன: ‘அக்ரீ டு கீப்’, ‘கன்சென்ட் டு மேரி’, ‘என்டைட்டில்டு டு கிளெய்ம்’.

எனவே சோதனையை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள்: ‘இட்’ நிற்காவிட்டால் ‘இங்’ நிச்சயமாக வராது. ‘இட்’ நின்றால் பெரும்பாலும் வரும். இந்த மூன்றையும் மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். இவற்றில் நம் கடிதங்களுக்கு அடிக்கடி தேவைப்படுவது ‘அக்ரீ’ ஒன்றுதான்.

“ஐ ஆம் கோயிங் டு மீட்டிங் ஹிம் என்று என் மகள் எழுதுகிறாள். அதுவும் இந்த வகைதானா?”

இல்லை. ‘கோயிங் டு மீட்’ என்பது சந்திக்கப்போகிறேன் என்ற எதிர்காலம். முதல் வகை ‘டு’. அவள் புது விதியை எல்லா இடத்திலும் போடுகிறாள். ‘கோயிங் டு இட் ஹிம்’ என்று சொல்ல முடியாது என்று காட்டுங்கள், விட்டுவிடுவாள். ‘கோயிங் டு தி மீட்டிங்’ என்றால் கூட்டத்துக்குப் போகிறேன், அது வேறு.

“எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முடியாது. எவற்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்?”

நம் ஊரில் விருந்தினருக்கும் வாடிக்கையாளருக்கும் எழுதுகிறவர்களுக்கு ‘லுக் ஃபார்வர்ட் டு’, ‘அப்ஜெக்ட் டு’, ‘பீ யூஸ்ட் டு’ மூன்றும் முதலில். அதற்கடுத்து, நெசவையோ பழைய வீடுகளையோ காப்பதைப் பற்றி எழுதும்போது ‘கமிட்டட் டு’, ‘டெடிகேட்டட் டு’ வரும்: ‘வீ ஆர் கமிட்டட் டு வீவிங் கண்டாங்கி பை ஹேண்ட்’. ‘கமிட்டட் டு வீவ்’ என்று செய்தித்தாள்களில் பார்க்கலாம். ஆனாலும் கவனமாக எழுதுகிறவர்கள் ‘இங்’தான் வைக்கிறார்கள், நானும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ‘இன் அடிஷன் டு’ மிகவும் பயன்படுவது. ‘இன் அடிஷன் டு செல்லிங் டைல்ஸ், வீ லே தெம்’: ஆத்தங்குடிக் கல் விற்பதோடு பதித்தும் கொடுக்கிறோம். ‘வென் இட் கம்ஸ் டு பார்கெயினிங்’ என்றால் பேரம் பேசுவது என்று வந்துவிட்டால். ‘வித் எ வ்யூ டு’ நோக்கத்தைச் சொல்வது, அலுவலகக் கடிதத்தில் வரும். நோக்கம் என்றதும் முதல் வடிவம் எழுதத் தோன்றும், ஆனால் இதற்கும் ‘இங்’தான்: ‘வித் எ வ்யூ டு பையிங் தி ஹவுஸ்’. குறையை ஒப்புக்கொள்ளும்போது ‘அட்மிட் டு’, ‘கன்ஃபெஸ் டு’: ‘ஹி அட்மிட்டட் டு பிரேக்கிங் தி ஜார்’, பீங்கான் ஜாடியை உடைத்ததை ஒப்புக்கொண்டான். மற்றவை எதிர்ப்படும்போது ‘இட்’ வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

“ப்ரிஃபர் எந்தப் பக்கம்?”

இரண்டு பக்கமும். ‘ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டிரைவிங்’ என்று இரண்டு செயல்களை ஒப்பிட்டால் ‘டு’வுக்கு இரு புறமும் ‘இங்’. ‘ஐ ப்ரிஃபர் டு வாக்’ என்றால் முதல் வடிவம். அப்போது ஒப்பிட ‘ராதர் தேன் டிரைவ்’ என்று வரும்.

“எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து எழுதிய ஆங்கில வியாபாரக் கடிதங்களில் ‘அக்கஸ்டம்டு டு ரிசீவ்’ என்று இருக்கிறது. நன்றாகப் படித்தவர். அவர் எழுதியது தவறா?”

தவறு இல்லை. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘அக்கஸ்டம்டு டு’வுக்குப் பின் முதல் வடிவம் எழுதுவது இயல்பான வழக்கம். அந்தக் காலத்து நூல்களிலும் கடிதங்களிலும் தாராளமாகக் காணலாம். ஐயா தலைமுறையினர் ஆங்கிலம் கற்றது அப்படிப்பட்ட எழுத்துகளிலிருந்துதான். பின்னர் ‘அக்கஸ்டம்டு டு ரிசீவிங்’ மேலோங்கி, பழையது வழக்கொழிந்துவிட்டது. இன்று நீங்கள் எழுதும்போது ‘இங்’ வையுங்கள். அந்தக் கடிதத்தில் திருத்தம் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.

“முதலில் எதற்காக இரண்டு டு வந்தது?”

இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் வினையின் எச்சம் பெயர்போல நடந்துகொண்டது. ‘டு’வுக்குப் பின் வந்தபோது அது நான்காம் வேற்றுமைக்குரிய விகுதியை ஏற்று நின்றது. உண்பதற்கு என்று சொல்ல ‘டோ எட்டன்னே’ என்று எழுதினார்கள். ‘டோ’ என்பது ‘கு’வைப் போன்ற முன்னிடைச்சொல், ‘எட்டன்னே’ வேற்றுமை விகுதி ஏற்ற பெயர். நம் ‘உண்பதற்கு’ என்ற அமைப்புக்கு வெகு அருகில் இருந்த வடிவம் அது. காலப்போக்கில் அந்த விகுதி தேய்ந்து உதிர்ந்து ‘ஈட்’ மட்டும் மிஞ்சியது. ‘டு’ தன் ‘கு’ப் பொருளை இழந்து, வினைக்கு முன் நிற்கும் வெறும் அடையாளமாகிவிட்டது. தேவகோட்டைக்குப் போகும் பஸ்ஸின் ‘டு’ மட்டும் பழைய பொருளோடே இருந்து, இன்றும் பெயரைக் கேட்கிறது.